உங்களுக்குத் தெரியுமா? மலை ஏறினால் பிரஷரும் ஏறும்!

பெரு நாட்டின் லிமா, கடலோர நகரம். அங்கிருந்து சுமார் 3,260 மீட்டர் உயரத்தில் உள்ள ஊவான்காயோ நகருக்கு, லேசான உயர் ரத்த அழுத்தம் உள்ள சமவெளிவாசிகளை ஓர் ஆய்வுக் குழு அழைத்துச் சென்றது. கையில் கருவி கட்டி 24 மணி நேரமும் அளந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அழுத்தம் ஏறியது. ஆனால், டெல்மிசார்டானும் நிஃபெடிபினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அது குறைவாகவே இருந்தது.

காரணம் என்ன? மேலே காற்று மெலிந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு, இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. தூக்கத்தில் வழக்கமாக இறங்கும் அழுத்தமும் சரியாக இறங்குவதில்லை.

எவரெஸ்ட் அடிவார முகாமில், சுமார் 5,400 மீட்டரில், நடந்த மற்றோர் ஆய்வில் டெல்மிசார்டான் மட்டும் தனியாகப் பலன் தரவில்லை.

எனவே உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் லே போன்ற உயரமான ஊருக்குப் புறப்படும் முன்பே, அழுத்தம் கூடினால் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். அழுத்தம் அளக்கும் கருவியும் பையில் இருக்கட்டும். கூட்டிய மாத்திரையை ஊர் திரும்பியும் தொடர்ந்தால் அழுத்தம் அதிகம் இறங்கி, எழும்போது தலை சுற்றலாம்.