குவார்ட்டருக்குப் பிறகு வரும் மூன்று மணி நேரம்

"ராத்திரி கொஞ்சம் போட்டால்தான் தூக்கம் வருகிறது" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. மது மூளையை மந்தமாக்குகிறது, படுத்த சில நிமிடங்களில் கண் சொருகிவிடுகிறது. ஆனால் அப்படித் தூங்குகிறவரின் மார்பில் ஒரு கருவியை ஒட்டி இதயத்தைக் கவனித்தால், அவர் தூங்கிய பிறகும் அது ஓய்வுக்குப் போகாதது தெரியும்.

பின்லாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். அங்கே வேலைக்குப் போகும் 4,098 பேரின் துடிப்புகளைப் பதிவு செய்து, ஒவ்வொருவரின் குடித்த இரவையும் குடிக்காத இரவையும் ஒப்பிட்டார்கள். தூங்கிய முதல் மூன்று மணி நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். முடிவு 2018-இல் வெளியானது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவரோடே ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் பலம் என்று நினைக்கிறேன்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.25 கிராம் ஆல்கஹால் வரை குடித்த இரவில் துடிப்பு நிமிடத்துக்கு சராசரியாக 1.4 கூடியது. 0.75 கிராம் வரை போனால் 4 கூடியது. அதையும் தாண்டினால் 8.7.

நம் ஊர் அளவில் இது எவ்வளவு? ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், கிராமில் ஏறத்தாழ 60. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது கிலோவுக்கு 0.86 கிராம், அதாவது மூன்றாவது பிரிவு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 1.2. எழுபது கிலோக்காரர் 60 மில்லியோடு நிறுத்திக்கொண்டாலும் 20 கிராம் உள்ளே போகிறது. முதல் பிரிவின் எல்லையை அதுவே தாண்டிவிடுகிறது.

நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது துடிப்பு அற்பமாகத் தோன்றலாம். மூன்று மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 1,500-க்கு மேல் வருகிறது. இதயம் மிகவும் நிதானமாக ஓட வேண்டிய நேரத்தில் இந்தக் கூடுதல் வேலை விழுகிறது.

எண்ணிக்கையோடு இன்னொன்றும் மாறுகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று என்று சீராக அடிப்பதில்லை. ஓர் இடைவெளி 960 மில்லிநொடி, அடுத்தது 1,030, அதற்கடுத்தது 990 என்று ஏறி இறங்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்புதான் இதைச் செய்கிறது. அதை இதயத்தின் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் அந்தப் பிரேக் நன்றாகப் பிடிக்கும், துடிப்பு குறையும், இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் கூடும். கைக்கடிகாரங்கள் HRV என்று காட்டுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

மது அந்தப் பிரேக்கைத் தளர்த்துகிறது, முடுக்கிவிடும் நரம்புகளின் கை ஓங்குகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தத்தைக் காக்கவும் இதயம் வேகமெடுக்கிறது. அதனால் துடிப்பு ஏறுவதும் ஏற்ற இறக்கம் சுருங்குவதும் ஒரே இரவில் சேர்ந்தே நடக்கின்றன. பின்லாந்து ஆய்வில் அதிகம் குடித்த இரவில் இந்த அளவு சராசரியாக 12.9 மில்லிநொடி குறைந்திருந்தது. உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் இளைஞர்களுக்கும்கூட விலக்கு கிடைக்கவில்லை. "நான் தினமும் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிற நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்றும். எட்டரைக்குத் தொடங்கி பத்து மணிக்குள் ஒரு குவார்ட்டரை முடித்தவர் பதினொன்றுக்குப் படுக்கும்போது, நாற்பது கிராமாவது உடலில் மிச்சம் இருக்கும். அது தீர விடியற்காலை நான்கரை ஆகும். அதனால் வழக்கமாக நள்ளிரவுக்குப் பிறகு கீழே இறங்கிவிடும் அவர் துடிப்பு அன்று விடியும் நேரத்தில்தான் இறங்கத் தொடங்கும். கடிகாரம் இரவு முழுமைக்கும் ஒரே சராசரியைத்தான் காட்டுமானால், பிந்திய அந்த இறக்கம் முந்திய ஏற்றத்தை ஓரளவு மறைத்துவிடும். மணிவாரியான கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கம்பெனியின் கடிகாரம் காட்டும் HRV எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, கணக்கிடும் முறை வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் உதவாது, ஏனென்றால் இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். நேரங்கழித்துச் சாப்பிட்ட பெரும் விருந்தும், இரவில் செய்த கடும் உடற்பயிற்சியும், காய்ச்சலும்கூட இதே தடத்தை விடும். காய்ச்சல் என்றால் மதுவைத் தொடாத அடுத்தடுத்த இரவுகளிலும் துடிப்பு ஏறியே இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருப்பதால், கடிகாரத்தில் பெரிய மாற்றம் தெரியாமலே போகலாம்.