7 மி.மீ. முடிச்சும் ஆறு மாத இடைவெளியும்

சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றை சி.டி. ஸ்கேன் செய்தால், படத்தின் மேல் ஓரத்தில் நுரையீரலின் அடிப்பகுதியும் கொஞ்சம் விழும். பைக்கில் இருந்து விழுந்தவருக்கு விலா எலும்பைப் பார்க்கப் போனால் நுரையீரல் முழுவதுமே தெரிந்துவிடும். இப்படி வேறு எதையோ தேடும்போது கண்ணில் படுவதுதான் பெரும்பாலான நுரையீரல் முடிச்சுகள். மருத்துவர்கள் இதை நாட்யூல் என்பார்கள். சுற்றிலும் காற்று நிறைந்த நுரையீரல் இருக்க, நடுவில் வெள்ளையாக, ஏறக்குறைய உருண்டையாகத் தெரியும். 3 செ.மீ. வரை இருந்தால் முடிச்சு. அதைத் தாண்டினால் கட்டி என்று வேறு கணக்கில் சேர்த்து உடனே பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்ததும் குடும்பமே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறது. அடுத்து மருத்துவர் "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லும்போது கோபமும் வருகிறது. புற்று என்றால் ஏன் காத்திருக்க வேண்டும், இல்லை என்றால் ஏன் திரும்ப வர வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது. முடிச்சு எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்ற இரண்டு அளவுகளில்தான் அதற்கான பதில் இருக்கிறது.

முதலில் அளவு. அமெரிக்காவில் 53,000-க்கும் அதிகமான புகைப்பழக்கம் உள்ளவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரு முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தார்கள். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால் சந்தேகம் என்று குறித்தார்கள். அப்படிக் குறித்தவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய் இல்லை. இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். முடிச்சு சிறிதாக இருக்க இருக்க அது புற்றாக இருக்கும் வாய்ப்பும் குறைகிறது. 6 மி.மீ.-க்குக் குறைவாக, அதாவது ஒரு மிளகளவில் இருந்தால், புகைப்பவருக்கும்கூட அந்த வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதத்துக்குள்தான்.

அப்படியானால் மற்றவை என்ன? நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். எப்போதோ வந்து, சில சமயம் வந்ததே தெரியாமல் ஆறிப்போன காசநோய், நுரையீரலில் ஒரு தழும்பை விட்டுச் செல்லும். அதில் நாளடைவில் சுண்ணாம்புச் சத்து படியும். முடிச்சு முழுவதும் சுண்ணாம்பு நிறைந்திருந்தாலோ, நட்ட நடுவில் திரண்டிருந்தாலோ, அடுக்கடுக்காகப் படிந்திருந்தாலோ அது பழைய புண் என்று துணிந்து சொல்லலாம், பின்தொடரவே தேவையில்லை. பூஞ்சைத் தொற்றும் இப்படி முடிச்சை உண்டாக்கும். நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் சவ்வை ஒட்டி, முக்கோணம் போலத் தட்டையாக இருப்பவை பெரும்பாலும் வெறும் நிணநீர்க் கணுக்கள்தான்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத, கெட்டியான ஒற்றை முடிச்சுதான் குழப்பம் தருகிறது. அதற்கு உலகெங்கும் ரேடியாலஜிஸ்டுகள் கையில் வைத்திருப்பது ஃபிளெய்ஷ்னர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதன்படி 6 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைந்தவருக்கு அடுத்த ஸ்கேனே வேண்டாம்; ஆபத்து அதிகம் உள்ளவருக்கு வேண்டுமானால் ஓராண்டு கழித்து ஒன்று. 6 முதல் 8 மி.மீ. வரை என்றால் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு 18-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொரு முறை. 8 மி.மீ.-யைத் தாண்டினால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது சதை எடுத்துப் பரிசோதனை. புகைப்பழக்கம், வயது, குடும்பத்தில் நுரையீரல் புற்று, முடிச்சு மேல்மடலில் இருப்பது, அதன் ஓரம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இந்தக் கணக்கு 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் கண்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் பொருந்தாது.

இனி வளர்ச்சி. காத்திருப்பதன் பொருள் இங்கேதான் விளங்கும்.

உதாரணத்துக்கு 56 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது வருடம் பீடி குடித்தவர். பைக் விபத்தில் எடுத்த சி.டி.யில் வலது மேல்மடலில் ஒரு முடிச்சு. நீளவாக்கில் 8, குறுக்கே 6. இரண்டின் சராசரி 7 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். அவருடைய மனைவி மருத்துவரிடம் கேட்கிறார்: "எடுத்துப் போட்ருங்களேன் டாக்டர், இத எதுக்கும்மா உள்ள வச்சுக்கிட்டு இருக்கணும்னு எல்லாரும் கேக்குறாங்க." மருத்துவர் அவசரப்படவில்லை. 7 மி.மீ. முடிச்சில் ஊசியைச் சரியாகச் செலுத்துவது கடினம். குத்திய இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவதும் அரிதல்ல. 8 மி.மீ.-க்குக் கீழே பெட் ஸ்கேனையும் அவ்வளவாக நம்ப முடியாது. அறுவை என்றால் ஒருவேளை பழைய காசநோய்த் தழும்புக்காக நுரையீரலில் ஒரு பகுதியை இழக்க நேரும்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 8 மி.மீ. என்று வருகிறது.

ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முடிச்சு உருண்டை வடிவம். விட்டம் 7 மி.மீ. என்றால் கன அளவு சுமார் 180 கன மி.மீ.; 8 மி.மீ. என்றால் 268. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கன அளவில் ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. விட்டம் 26 சதவீதம் பெருத்தாலே, அதாவது 7 என்பது 8.8 ஆனாலே, கன அளவு இரு மடங்கு. அதனால்தான் மருத்துவர்கள் முடிச்சு இரு மடங்காக எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்கிறார்கள். கெட்டியான நுரையீரல் புற்றுகளில் பெரும்பாலானவை 100 முதல் 400 நாளுக்குள் இரு மடங்காகும். ஒரு மாதத்துக்குள்ளேயே இரட்டித்தால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. 600 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தீங்கற்றது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வு, யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பதை 400 நாள், 600 நாள் என்ற இந்த எல்லைகளை வைத்தே பிரித்தது.

நம் நோயாளியின் கணக்கைப் போட்டால், 180 நாளில் 180-லிருந்து 268. இந்த வேகத்தில் இரு மடங்காக சுமார் 311 நாள் ஆகும். அப்படியே எடுத்துக்கொண்டால் புற்றுநோயின் வேகம்தான்.

ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் உண்மையானதா என்பதுதான் கேள்வி. ஒரே முடிச்சை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலும் ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரும். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். முக்கியமாக, விபத்தன்று அவசரத்தில் பார்த்த படங்கள் 5 மி.மீ. தடிமனான வெட்டுகளாக இருந்திருக்கலாம். 7 மி.மீ. முடிச்சு அப்படிப்பட்ட ஒன்றிரண்டு வெட்டுகளில் முடிந்துபோகும். அதன் ஓரம் எங்கே என்று தெளிவாகத் தெரியாது. இப்போதைய ஸ்கேன் 1 மி.மீ. வெட்டுகளில் எடுத்தது. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது. அதனால்தான் விட்டத்தில் 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று வழிகாட்டி சொல்கிறது. கவனமுள்ள ரேடியாலஜிஸ்ட் பழைய ஸ்கேனின் மெல்லிய வெட்டுகளை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே முறையில் திரும்ப அளப்பார். முந்தைய ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக் கழித்துக்கொள்ள மாட்டார்.

அப்படி அளந்தும் 7, 8 என்றே வந்தால், மருத்துவர் இன்னும் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார். அளப்பதில் வரும் பிழை நாள்பட்டு வளராது, புற்று வளரும். 311 நாள் வேகம் உண்மையானால் ஒன்பதாவது மாதத்தில் விட்டம் 8.5 மி.மீ.-யைத் தாண்டி 9 என்று பதிவாகும். அப்போது 2 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும், சந்தேகத்துக்கு இடமிருக்காது. வெறும் பிழை என்றால் முடிச்சு அங்கேயே நிற்கும், அல்லது மறுபடி 7 என்று வரும். முதல் ஸ்கேனை ஒரு மாதத்திலேயே திரும்ப எடுத்திருந்தால், இதே வேகத்தில் வளரும் புற்றுகூட கால் மில்லிமீட்டரைத் தொட்டிருக்காது. கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம்.

வளர்கிறது என்று உறுதியானால் நோயாளி எதையாவது இழந்துவிட்டாரா? 9 மி.மீ. என்பது, பரவாமல் இருக்கும்வரை, நுரையீரல் புற்றின் முதல் நிலையில் மிகச் சிறிய பிரிவு. 1 செ.மீ. வரை அதே பிரிவுதான். இனி பெட் ஸ்கேனுக்கோ, ஊசிப் பரிசோதனைக்கோ, நேரடியாக அறுவைக்கோ போகலாம். பெட் ஸ்கேனில் முடிச்சு ஒளிர்ந்தாலே புற்று என்று முடிவு செய்யக் கூடாது. உயிர்ப்போடு இருக்கும் காசநோயும் அதே போல ஒளிரும். காசநோய் அதிகம் உள்ள நம் நாட்டில் சதையை எடுத்து உறுதி செய்யாமல் சிகிச்சையைத் தொடங்குவது ஆபத்து.

வளரவில்லை என்றால் அடுத்த ஸ்கேன் 18-லிருந்து 24 மாதத்துக்குள். இரண்டு ஆண்டு அசையாமல் இருந்த கெட்டியான முடிச்சை அதோடு விட்டுவிடலாம்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சில முடிச்சுகள் கெட்டியாக இல்லாமல், பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள்கூடத் தெரியும். இவற்றில் புற்று இருந்தால் அது மிக மெதுவாக வளரும் வகை. இரண்டு ஆண்டு கணக்கு இங்கே செல்லாது. 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, அது மறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என ஐந்து ஆண்டு வரை பின்தொடர்வார்கள். அந்த மங்கலுக்கு நடுவே கெட்டியான பகுதி ஒன்று இருந்தாலோ புதிதாக முளைத்தாலோ கவனம் முழுவதும் அதன் மேல் போகும். அந்தப் பகுதி பெருப்பதுதான் அபாயத்தின் அறிகுறி.

நோயாளி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அச்சிட்ட ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. மெல்லிய வெட்டுகள் எல்லாம் அடங்கிய சி.டி. வட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்க வேண்டும். சில ஸ்கேன் மையங்களில் சில மாதங்களில் பழைய படங்களை அழித்துவிடுவார்கள்; பிறகு கேட்டாலும் கிடைக்காது. ஐந்து வருடத்துக்கு முன் வேறு எதற்கோ எடுத்த மார்பு ஸ்கேன் வீட்டு அலமாரியில் கிடந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே எடுத்துப் போக வேண்டும். அதில் அதே முடிச்சு அன்றும் 7 மி.மீ. இருந்திருந்தால், காத்திருக்க வேண்டிய காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மறு ஸ்கேனே வேண்டாம் என்று மருத்துவர் அன்றைக்கே சொல்லிவிடக்கூடும்.