குறும்படம் திரையிட அனுமதிக் கடிதம்: யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

ஊர்க் கூட்டமொன்றில் குறும்படம் திரையிட வேண்டுமானால் அதன் உரிமையாளரின் அனுமதி வேண்டும். படம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது, கூட்டத்துக்குக் கட்டணமும் இல்லை என்பதால் இந்தத் தேவை நீங்கிவிடுவதில்லை. படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமையை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளருக்கே தருகிறது. யூடியூபின் விதிமுறைகளும் தனிப்பட்ட முறையில் பார்ப்பதற்கு மட்டுமே இடம் தருகின்றன. பொதுத் திரையிடலை வெளிப்படையாகவே விலக்குகின்றன.

கட்டணம் வாங்காத மன்றங்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருவது உண்மைதான். ஆனால் அது இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றை நிகழ்த்துவதற்கு உரியது. திரைப்படம் அதில் சேராது. பள்ளி, கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோருக்கு மட்டும் படம் காட்டத் தனி விலக்கு உண்டு. வாசகர் வட்டமோ குடியிருப்போர் சங்கமோ அதற்குள் வராது.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. பெரும்பாலோர் இயக்குநருக்கு எழுதுகிறார்கள். இந்தியச் சட்டப்படி படத்தின் படைப்பாளராகக் கருதப்படுபவர் தயாரிப்பாளர். சொந்தக் காசில் படமெடுத்தவர் என்றால் இருவரும் ஒருவரே, சிக்கலில்லை. திரைப்படக் கல்லூரியில் படித்தபோது எடுத்த படமாக இருந்தாலோ, ஒரு நிறுவனம் பணம் போட்டிருந்தாலோ, உரிமை அவர்களிடம் இருக்கக்கூடும். அதனால் இயக்குநருக்கு எழுதும் கடிதத்திலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

கடிதத்தைப் படிப்பவர் வேறெதையும் விசாரிக்காமல் முடிவெடுக்க முடிய வேண்டும். படத்தைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டு, தேதியையும் இடத்தையும் விட்டுவிடும் கடிதங்களே அதிகம். அவற்றுக்குப் பதில் வராமல் போவதில் வியப்பில்லை. கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம் எழுதுவதாகக் கொண்டால், கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் ஜனவரி 18, ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலக அரங்கில் பொங்கல் கூடுகை நடத்துகிறது. அதில் தங்களின் 17 நிமிடக் குறும்படத்தை ஒரே ஒரு முறை திரையிட அனுமதி கோருகிறோம். அழைப்பின்பேரில் வட்ட உறுப்பினர்களும் குடும்பத்தாரும் 60 பேர் வரை வருவார்கள். கட்டணமோ விளம்பரதாரரோ இல்லை. படத்தை வெட்டாமல், பெயர்ப்பட்டியல் உட்பட முழுமையாகக் காட்டுவோம். பதிவு செய்ய மாட்டோம். தாங்கள் அனுப்பும் பிரதியை மறுநாளே அழித்துவிடுவோம். திரையிடும் உரிமை வேறொருவரிடம் இருந்தால் அவரைத் தெரிவிக்க வேண்டுகிறோம். தாங்கள் கட்டணம் எதிர்பார்த்தால் அதையும் குறிப்பிடுங்கள். தணிக்கைச் சான்று பெறப்பட்டுள்ளதா என்பதையும் அறிய விரும்புகிறோம். ஜனவரி 5க்குள் பதில் கிடைத்தால் அழைப்பிதழில் படத்தின் பெயரைச் சேர்க்க உதவியாக இருக்கும்."

இதில் 'ஒரே ஒரு முறை', 'அழைப்பின்பேரில்', 'பதிவு செய்ய மாட்டோம்' என்பவை உபசாரத்துக்காகச் சேர்த்தவை அல்ல. பல திரைப்பட விழாக்கள் தங்கள் விழாவிலேயே படம் முதன்முதலாகத் திரையிடப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. விழாக்களுக்கு அனுப்பிக் காத்திருக்கும் படத்துக்கு, நாளிதழில் செய்தி வரும்படியான ஒரு பொதுத் திரையிடல் அந்த வாய்ப்பையே கெடுத்துவிடலாம். கூட்டம் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால்தான் இயக்குநரால் துணிந்து சம்மதிக்க முடியும். இணையத்தில் இன்னும் வெளிவராத படமென்றால் பிரதி கசிந்துவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கும்.

தணிக்கைச் சான்று பற்றிய கேள்விக்கும் காரணம் உண்டு. பொதுமக்களுக்கான காட்சிக்குச் சான்று வேண்டும் என்கிறது 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டம். இயக்குநரின் சம்மதம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது. குறும்படங்கள் பலவற்றுக்குச் சான்று வாங்கப்படுவதே இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சுவரொட்டி ஒட்டி நடத்தும் காட்சிக்கு முன், இதைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்மதம் வந்தபின் பிரதியைக் கேட்க வேண்டும். கணினியும் புரொஜெக்டரும் வைத்துக் காட்ட 1080p தரத்தில் ஓர் MP4 கோப்பு போதும். திரையரங்குக்கு உரிய டி.சி.பி. கோப்பை அனுப்பினால் சாதாரண மடிக்கணினியில் ஓடாமல் போகலாம். ஆகவே எந்தக் கருவி இருக்கிறது என்று எழுதிக் கேட்பதே சரி. கோப்பு வந்ததும் அதே அரங்கில், அதே ஒலிபெருக்கியில் முழுதாக ஓட்டிப் பார்த்தால் ஒலி கேட்கிறதா, துணைத் தலைப்பு தெரிகிறதா என்பது முன்னதாகவே புரிந்துவிடும்.

தொலைபேசியில் "தாராளமா போட்டுக்குங்க" என்று அவர் சொன்னாலும் அது போதாது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பி, 'சம்மதம்' என்று ஒரு வரி பதிலாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; வேறு படத்தைத் தேடுவதே முறை.