வாரத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் மார்ச் வரை நிற்குமா?

ஜூன் கடைசியில் நடந்த வாரத் தேர்வில் ‘ஒளியியல்’ பாடத்துக்கு 25-க்கு 24 வாங்கிய மாணவி, செப்டம்பர் காலாண்டுத் தேர்வில் அதே பாடத்துக் கணக்கைத் தொடாமலே விட்டுவிட்டு வருகிறாள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்ப்பது இது. வீட்டில், “முன்பு நன்றாகத்தானே படித்தாய், இப்போது என்ன ஆயிற்று?” என்று கேட்பார்கள். பிள்ளைக்கும் பதில் தெரியாது. அவள் சோம்பேறியாகிவிடவில்லை. அந்த 24 மதிப்பெண்ணும் பொய்யில்லை. வாரத் தேர்வு அளந்தது ஒன்று, காலாண்டுத் தேர்வு அளந்தது வேறொன்று. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதற்குமான படிப்புத் திட்டத்தையே அதன்மேல் அமைத்துவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று படித்தது. மீதி மூன்று சுற்றிலும் பகுதியைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்துக்கொண்டே இருந்த குழு 83 சதவீதமும், எழுதிப் பார்த்த குழு 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தன. ஒரு வாரம் கழித்துத் தேர்வு எழுதியவர்களிடம் நிலைமை தலைகீழானது. படித்த குழு 40 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எழுதிப் பார்த்த குழு 61 சதவீதத்தில் நின்றது. முதல் குழுவினர் அந்தப் பகுதியைச் சராசரியாக 14 முறை படித்திருந்தார்கள், இரண்டாம் குழுவினர் மூன்று நான்கு முறைதான். ஆனாலும் தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது முதல் குழுதான்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை ‘தெரிந்துவிட்டது’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வியாழக்கிழமை இரவு படித்து வெள்ளிக்கிழமை எழுதும் தேர்வுக்கு இது போதும், மதிப்பெண்ணும் வரும். அதனால்தான் பிள்ளைகள் இந்த வழியை விடுவதில்லை.

ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் என்னும் தம்பதியர் 1992-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம்மிடம் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு வலிமைகள் உண்டு என்றார்கள். ஒன்று, இந்த நிமிடம் அதை எவ்வளவு எளிதாக எடுக்க முடிகிறது என்பது. இன்னொன்று, உள்ளே எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது. தேர்வுத் தாளில் தெரிவது முதலாவது மட்டுமே. அது சில நாளிலேயே குறைந்துவிடும். இதில் வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. எடுப்பது எளிதாக இருக்கும்போது திரும்பப் படித்தால் ஆழம் கொஞ்சம்தான் கூடும். கொஞ்சம் மறந்து, முயன்று யோசித்து எடுக்கும்போதோ ஆழம் அதிகமாகக் கூடும். அதாவது, ஓரளவு மறப்பது நிலையான நினைவுக்கு உதவுகிறது.

அப்படியானால் எவ்வளவு நாள் மறக்க விடலாம்? நிக்கலஸ் செபெடாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சில செய்திகளைக் கற்பித்து, ஓர் இடைவெளி விட்டு மறுபடி படிக்கச் செய்து, பிறகு இறுதித் தேர்வு வைத்தார்கள். இறுதித் தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்துத் தேர்வு என்றால் மூன்று வார இடைவெளி நல்ல பலன் தந்தது. அவர்கள் பயன்படுத்தியவை பொது அறிவுத் துணுக்குகள், படித்ததும் இரண்டே அமர்வுகளில். எனவே இதை அப்படியே விதியாகக் கொள்ள முடியாது. ஆனால் திசை தெளிவு: தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இடைவெளியும் கூட வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குப் பொருத்திப் பார்ப்போம். பாடநூலில் 23 அலகுகள். வாரம் ஓர் அலகு, வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு தேர்வு என்று வைத்துக்கொள்வோம். பாடங்கள் வரிசைப்படி நடக்கின்றன என்றும் கொள்வோம். இப்போது ஒவ்வொரு பாடமும், அதன் வாரத் தேர்வு முடிந்த பிறகு, ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் மறுபடி தலைகாட்ட வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

பதினான்காவது வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைத் தேர்வு 14-ஆம் அலகுக்கு. பழைய பாடங்களில் அந்த வாரம் திரும்ப வருபவை 13-ஆவது, 10-ஆவது, 2-ஆவது அலகுகள் மட்டும். பதினைந்தாவது வாரத்தில் 14, 11, 3. அட்டவணை எதுவும் போட வேண்டாம்; வார எண்ணிலிருந்து 1, 4, 12 கழித்தால் போதும். படித்து முடித்த பாடங்கள் ஐந்தானாலும் இருபதானாலும், ஒரு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை மூன்றைத் தாண்டுவதில்லை. ‘பழையதையெல்லாம் எப்போது படிப்பது’ என்ற மலைப்பு இங்கே கரைந்துவிடுகிறது. ஓர் அலகுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் அறிவியலுக்கு வாரம் முக்கால் மணி நேரம். ஐந்து பாடங்களுக்கும் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறைவு. ஆறு நாளில் பிரித்தால் நாளுக்கு நாற்பது நிமிடம்கூட வராது.

இரண்டாவது அலகான ஒளியியலின் பயணத்தைப் பாருங்கள். ஜூன் கடைசியில் வாரத் தேர்வு. அடுத்த வாரம் ஒரு முறை, ஜூலை கடைசியில் ஒரு முறை, செப்டம்பரில் காலாண்டை ஒட்டி ஒரு முறை. அதன்பின் டிசம்பர் அரையாண்டும், அதற்குப் பிறகு வரும் திருப்புதல் தேர்வுகளும் பள்ளியே வைப்பவை. பொதுத்தேர்வு வருமுன் அந்தப் பாடம் ஐந்தாறு முறை மனத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டிருக்கும். இடைவெளியும் பெரும்பாலும் நீண்டுகொண்டே போயிருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் செய்ய வேண்டியது படிப்பது இல்லை. புத்தகத்தை மூடி வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதுவது. உதாரணமாக, குவியத் தொலைவு 20 செ.மீ. உள்ள குவிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் பொருள் இருக்கிறது, பிம்பம் எங்கே? மாணவி முதலில் கதிர்ப்படத்தை வரைகிறாள். பிறகு சூத்திரம்:

1/f = 1/v − 1/u

குறியீட்டு மரபு நினைவில் இருந்தால் u = −30 என்று போடுவாள். 1/v = 1/20 − 1/30 = 1/60. பிம்பம் லென்சின் மறுபுறம் 60 செ.மீ. தொலைவில், தலைகீழாக, இருமடங்கு பெரிதாக விழும். மரபு மறந்துபோய் u = 30 என்று போட்டால் 12 செ.மீ. என்று வரும். இங்கேதான் அவள் வரைந்த படம் கைகொடுக்கும். பொருள் 20-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும்போது பிம்பம் 40 செ.மீ.க்கு அப்பால்தான் விழ முடியும். 12 என்ற விடை படத்தோடு ஒட்டவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளிலிருந்து தொடங்கலாம். திருத்தி வந்த பழைய வாரத் தேர்வு விடைத்தாளையும் இதற்குப் பயன்படுத்தலாம். மதிப்பெண் போன இடங்கள் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

பாதிக்கும் குறைவாகத்தான் எழுத வந்தது என்றால், அந்தப் பாடத்தைப் புதுப் பாடமாகக் கருதி அடுத்த வாரமே திரும்ப எடுக்க வேண்டும். ‘எல்லாமே போய்விட்டது’ என்று பதறத் தேவையில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்மேலேயே செய்த சோதனையில், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து ஒரு மாதம் விட்டுவிட்டார். பிறகும், அவற்றை மறுபடி கற்க முதல் தடவையைவிட ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைவாகவே பிடித்தது. மறந்ததாகத் தோன்றும் பாடத்திலும் மிச்சம் இருக்கிறது.

மாதத் தேர்வுக்குத் தனி வேலை ஒன்று உண்டு. வாரத் தேர்வில் எல்லாக் கணக்கும் ஒரே பாடத்திலிருந்து வருவதால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் தேவையே இல்லை. பொதுத்தேர்வில் அந்த முடிவைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. ரோரர், டெய்லர் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைக் கனஅளவுக் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகப் பயின்றது. இன்னொரு குழு கலந்து பயின்றது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம், கலந்த குழு 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகைவாரிக் குழு 20, கலந்த குழு 63. ஆகவே மாதத் தேர்வுக்குத் தயாராகும்போது பாடம் பாடமாகப் போகாமல், நான்கு பாடத்து வினாக்களையும் கலைத்துப் போட்டு எழுதிப் பார்க்க வேண்டும். அப்போது மதிப்பெண் குறையும். அந்தக் குறைவு பயிற்சி வேலை செய்கிறது என்பதன் அறிகுறி.

இந்தத் திட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். காய்ச்சலோ கல்யாணமோ வந்து ஒரு வாரம் தவறிவிடும். அடுத்த வாரம் ஆறு பாடம் சேர்ந்துவிட்டது என்று மலைத்து, எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். தவறியதைக் கடனாகத் தூக்கிவர வேண்டாம். அந்த வாரத்துக்குரிய மூன்றை மட்டும் எடுத்தால் போதும். விடுபட்ட பாடம் அதன் அடுத்த முறையில் வந்து சேரும். பன்னிரண்டாம் வார முறையே தவறியிருந்தால் அடுத்து வரும் காலாண்டோ அரையாண்டோ அதை எடுத்துக்கொள்ளும்.

இதில் பாதிச் சுமையை ஆசிரியர்களால் இறக்கி வைக்க முடியும். 25 மதிப்பெண் வாரத் தேர்வில் 20 மதிப்பெண் புதுப் பாடத்துக்கு இருக்கட்டும். மீதி ஐந்தை, நான்கு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் முந்தைய பாடங்களிலிருந்து கேளுங்கள். தனி வகுப்பு வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை மாலை “இன்று எத்தனை மதிப்பெண்?” என்று கேட்ட பிறகு, “சென்ற மாதப் பாடத்திலிருந்து ஒன்று சொல், கேட்போம்” என்றும் கேளுங்கள். மார்ச் தேர்வுக்கு உதவப்போவது அந்த இரண்டாவது கேள்விதான்.