அபராதம் கட்டி கடனை முடிக்கலாமா?

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சீட்டு விழுந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று வங்கிக்குப் போனவர், கையில் ஒரு தாளோடு திரும்பி வந்தார். "பாக்கி 3,40,401 ரூபாயாம். அதுக்கு மேல 16,067 ரூபாய் அபராதம்னு போட்டிருக்கான் தம்பி. என் கடனை நானே அடைக்கிறதுக்கு எதுக்கு அபராதம்?"

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது.

வாங்கியது 5 லட்சம், வட்டி 14 சதவீதம், 60 தவணை. மாதம் 11,634 ரூபாய். 24 தவணை முடிந்து 36 பாக்கி. முன்கூட்டி அடைத்தால் நிலுவை அசலில் 4 சதவீதம் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 4.72 சதவீதம். இந்த ஜி.எஸ்.டி.யைத்தான் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அக்காவின் தாளுக்குப் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். 36 தவணையையும் கட்டினால் சுமார் 4,18,800 ரூபாய் போகும். அதில் அசல் போக மீதி ஏறத்தாழ 78,400 ரூபாய் வட்டி. அபராதம் 16,067 போனாலும் 62,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது.

இதே அபராதம் ஆறு தவணை பாக்கி இருக்கும்போது வந்திருந்தால்? அப்போது நிலுவை 67,000 ரூபாய் அளவில்தான் இருக்கும். இனி வரவேண்டிய வட்டி 2,760 ரூபாய்; அபராதமோ 3,160. முடித்தால் நஷ்டம். அபராதம் ஒரு முறை விழுவது. வட்டி மாதாமாதம் ஓடுவது. அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடனில் ஏழு தவணை பாக்கி இருக்கும்போது இரண்டும் சமமாகிறது. அதற்கு மேல் இருந்தால் லாபம், கீழே இறங்கினால் பேசாமல் தவணையைக் கட்டிவிட்டுப் போகலாம்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. சீட்டுப் பணம் வீட்டில் சும்மா கிடக்கப் போவதில்லையே! 7 சதவீதம் தரும் இடத்தில் போட்டு, அதிலிருந்தே மாதாமாதம் தவணை கட்டுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய மதிப்பில் அக்காவின் லாபம் 62,000 அல்ல, 20,000 ரூபாய் சொச்சம்தான். அப்போது லாப நஷ்டம் சமமாகும் இடமும் ஏழு மாதத்திலிருந்து பதினைந்து, பதினாறு மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. கடன் வட்டிக்கும் பணம் ஈட்டக்கூடிய வட்டிக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க அபராதத்தின் கை ஓங்கும்.

"மொத்தமா வேண்டாம், ஒரு லட்சம் மட்டும் கட்டட்டுமா?" என்றார் அக்கா. எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு லட்சத்துக்கு அபராதம் 4,720 ரூபாய். பகுதிப் பணம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைப்பதா, மாதங்களைக் குறைப்பதா என்று வங்கி கேட்கும், அல்லது கேட்காமலே ஏதாவது ஒன்றைச் செய்துவிடும். தவணைத் தொகையைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 23,000 ரூபாய். அதே 11,634 ரூபாயைத் தொடர்ந்து கட்டி மாதங்களைக் குறைத்தால் 36 தவணை 24 ஆகிறது, வட்டியில் 42,000 ரூபாய் மிச்சம். அபராதம் இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசி ஓராண்டுத் தவணைகள் கழன்று விழுவதால், கட்டிய பணம் நெடுநாள் நமக்காக உழைக்கிறது. கையில் ரொக்கமும் நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான், நிலுவையில் இவ்வளவு பங்குதான் என்று சில இடங்களில் வரம்பு வைத்திருப்பார்கள்.

இத்தனையும் வட்டி மாறாத கடனுக்கு. தனிநபர் கடன், வாகனக் கடன் பெரும்பாலும் அந்த வகை. சொந்தத் தேவைக்காக வங்கியில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன் என்றால் இந்த அபராதமே வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அங்கே யாராவது கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக அக்காவின் ஒப்பந்தத்தை எடுத்து ஒரே ஒரு வரியைத் தேடினோம்: 4 சதவீதம் எதன் மேல்? நிலுவை அசலின் மேல் என்று இருந்தது. வாங்கிய 5 லட்சத்தின் மேல் என்று இருந்திருந்தால் 23,600 ரூபாய் ஆகியிருக்கும். அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு லட்சம் கட்ட மறுநாளே கிளம்பினார். "மாசத்தைக் குறைங்க"னு மனுவில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.