சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணீர்... புது ஃப்ளாட்டில் பில்டர் எதையெல்லாம் சரிசெய்து தரணும்?

சென்னைப் புறநகரில் புது ஃப்ளாட்டின் சாவியை வாங்கப் போயிருந்தது ஒரு குடும்பம். மகனும் மருமகளும் பால்கனியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் பாத்ரூமுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரமாக ஊற்றினார். தண்ணீர் வடிகால் பக்கம் போகவில்லை. கதவடியிலேயே குளமாக நின்றது.

கூட வந்த சைட் இன்ஜினீயர், "குடி வந்ததும் சரிபண்ணிடலாம்மா" என்றார். அம்மா, "அதை எழுதிக் கொடுத்துடுங்க தம்பி" என்றார்.

இப்படி எழுதி வாங்குவதைத்தான் கட்டுமானத் துறையில் 'ஸ்நாக் லிஸ்ட்' என்கிறார்கள். வீட்டை ஒப்படைக்கும்போது கண்ணில் படும் குறைகளின் பட்டியல்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் சுற்றியதில் 11 குறைகள் சிக்கின. ஹாலில் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில், நான்கு மட்டும் 'டொக் டொக்' என்று காலிச் சத்தம் கொடுத்தன. அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை என்று அர்த்தம். அதன் மேல் பீரோவை வைத்தால் விரிசல் விடும். செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்ததில் ஒரு பிளக் பாயின்ட்டில் கரன்ட் இல்லை.

எல்லோரையும் பயமுறுத்துவது சுவர் விரிசல்தான். பூச்சின் மேல் தலைமுடிபோல ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் சிமென்ட் காயும்போது வருபவை. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், நகம் நுழையும் அளவுக்கு அகலமானது, தூண் அல்லது பீமில் தெரிவது... இவற்றைப் பெயின்ட் அடித்து மறைக்க விடக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் 'பாத்ரூம் சரியில்லை' என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனமில்லை. 'பெரிய படுக்கையறை பாத்ரூம், கதவோரம் தண்ணீர் தேங்குகிறது' என்று இடத்தோடு எழுதி, போட்டோ எடுத்து, இரண்டு பிரதிகளிலும் இன்ஜினீயரின் கையெழுத்தை வாங்கி, அன்றைக்கே பில்டருக்கு இமெயிலும் அனுப்பியது அந்தக் குடும்பம்.

அடுத்து ஒரு கடிதத்தை நீட்டினார்கள். 'வீட்டை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. மகன் அதன் கீழே, 'இணைப்பிலுள்ள 11 குறைகள் நீங்கலாக' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முடிந்தால் கடைசித் தவணையைக் கட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. பணம் போன பிறகு போன் எடுக்கும் வேகம் குறையும்!

14 மாதம் கழித்து வந்த ஈரம்

பட்டியலில் இருந்ததெல்லாம் சரியானது. ஆனால், 14-வது மாதம் கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரம் படர்ந்தது. "ஒரு வருஷ வாரன்ட்டி முடிஞ்சுபோச்சே" என்றது பில்டர் அலுவலகம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம் 14(3) பிரிவு வேறு கணக்குச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருளின் தரத்திலோ, சேவை வசதிகளிலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம்.

பில்டர் தரப்பு அடுத்த காரணத்தை எடுத்தது. "டவல் ராடு மாட்டும்போது உங்க கார்பென்டர் பைப்பை ஓட்டை போட்டிருப்பார்." இது வெறும் சாக்கு அல்ல. வீட்டுக்காரர் வைத்த ஆளால் வந்த சேதத்துக்கு பில்டர் பொறுப்பாக மாட்டார்.

அதனால் இரண்டு சோதனைகள் செய்தார்கள். முதலில் பாத்ரூமுக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குளியலை இன்னொரு பாத்ரூமுக்கு மாற்றி, சில நாள் பார்த்தார்கள். ஈரம் காய்ந்துவந்தது. ஆனால், பைப்பில் தண்ணீர் நின்றதால் காய்ந்ததா, தரை காய்ந்ததால் காய்ந்ததா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அடுத்து, வால்வைத் திறக்காமலே வடிகாலைத் துணியால் அடைத்து, வெளியிலிருந்து வாளியில் கொண்டுவந்து தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டார்கள். மறுநாள் கீழே சொட்ட ஆரம்பித்தது. சுவர் பைப்பில் தண்ணீரே ஓடாதபோது சொட்டுகிறது என்றால், கோளாறு தரையின் வாட்டர்ப்ரூஃபிங்கில்தான். கார்பென்டர் தப்பித்தார்.

இந்தப் போட்டோக்களோடு பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு இமெயில் போனது. மூன்றாவது வாரம் ஆட்கள் வந்து டைல்ஸைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதிதாகச் செய்தார்கள். வராமல் போயிருந்தால், அதே இமெயிலை வைத்துத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கலாம்.

புது டைல்ஸ் பதித்த அன்று அம்மா மறுபடியும் வாளியோடு போனார். இந்த முறை தண்ணீர் நேராக வடிகாலுக்கு ஓடியது.