பஞ்சு மாதிரி ஆம்லெட் வேண்டுமா? கல்லின் சூட்டைக் கவனியுங்கள்!

குற்றாலத்தில் சீசன் நேரம். அருவியில் நடுங்க நடுங்கக் குளித்துவிட்டு, சாரலில் நனைந்தபடியே ரோட்டோரக் கடையில் சுடச்சுட ஆம்லெட் சாப்பிட்டிருப்பீர்கள். ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். அந்தக் குளிருக்கு அது அமிர்தம்தான்!

ஊருக்குத் திரும்பி, அதேபோல் கல்லை நன்றாகக் காயவைத்து நீங்களும் போடுகிறீர்கள். அடி கருகிவிடுகிறது, மேலே வழவழ. 'ரப்பர் மாதிரி இருக்கும்மா' என்று பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறது. தப்பு உங்கள் கையில் இல்லை, கல்லின் சூட்டில்தான்.

அடித்த முட்டை சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இறுகிவிடும். தண்ணீர் கொதிக்கும் சூடுகூடத் தேவையில்லை. சூடு அதிகமானால் முட்டையிலுள்ள புரதம் மேலும் மேலும் இறுகி, தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் தண்ணீர் கசிவது அதனால்தான்.

சரியான சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லை மிதமான தீயில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சத்தமே இல்லையா? இன்னும் காயட்டும். முத்து மாதிரி உருண்டு ஓடுகிறதா? சூடு ரொம்ப அதிகம்; இறக்கி வைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். விழுந்த இடத்திலேயே 'சுர்'ரென்று அடங்கினால் அதுதான் பதம். ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தீயைக் குறையுங்கள்.

இரண்டு முட்டைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். அதைக் கல் முழுக்கத் தடவிவிடுங்கள். கல்லுக்கும் முட்டைக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய படலமாக நின்றால்தான் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும். படாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதிகம் ஊற்றினால் ஓரம் பொரிந்து, கடை ஆம்லெட் ஆகிவிடும். வெண்ணெய் போடுகிறீர்களா? நுரைத்து, நுரை அடங்கும் நேரத்தில் முட்டையை ஊற்றுங்கள். வெண்ணெய் சிவந்துவிட்டால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம்.

இனி செய்முறை. முட்டையோடு இரண்டு சிட்டிகை உப்பு சேர்த்து, வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியாதவரை அடியுங்கள். வெங்காயம் போடுவதானால் தனியே வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் நீர் விடும். கல்லில் ஊற்றிப் பத்து விநாடி கழித்து, வெந்த ஓரத்தைத் தோசைத் திருப்பியால் உள்பக்கம் தள்ளுங்கள். கல்லைச் சற்றே சாய்த்தால், மேலே நிற்கும் பச்சை முட்டை அந்த இடத்துக்கு ஓடிவரும். இப்படியே சுற்றிலும் செய்யுங்கள்.

மேல்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டும், ஆனால் ஓடக்கூடாது. அப்போது அடுப்பை அணைத்து, அரை நிமிடம் மூடி வையுங்கள். இரும்புக் கல்லில் தங்கியிருக்கும் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்குக் கொடுப்பதானால், ஒருமுறை திருப்பிப் போட்டு நடுவிலும் ஈரப்பசையாக ஓடாதபடி வேகவிடுங்கள். தீ குறைவாகவே இருக்கட்டும். அப்போதும் பஞ்சு மாதிரிதான் இருக்கும்!